சிலிண்டர் பவரைக் கொண்டுவந்த கண்கட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

வலது கண்ணுக்கு மட்டும் புதிதாகச் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் வளைவு ஒரு திசையில் மட்டும் கூடுவதைச் சரிசெய்யும் பவர், வந்திருக்கிறது, கண்ணாடியை மாற்றிவிடலாமா என்று கேட்கத்தான் அவர் வந்தார். வயது 29. வங்கியில் கவுன்ட்டர் வேலை. கல்லூரிக் காலத்திலிருந்து கண்ணாடி, சில வருடங்களாக மாதம் ஒருமுறை மாற்றும் சாஃப்ட் லென்ஸும் உண்டு. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். கண் சம்பந்தப்பட்ட விவரங்களை மட்டும் தொடவில்லை.

கையில் ஒரு கண்ணாடிக் கடைச் சீட்டு இருந்தது. வலது கண்ணுக்கு மைனஸ் 3.00, கூடவே சிலிண்டர் மைனஸ் 1.25. இடது கண்ணுக்கு மைனஸ் 3.25 மட்டும். எட்டு மாதத்துக்கு முன் எங்களிடம் பரிசோதித்தபோது இரண்டு கண்ணிலும் சிலிண்டர் இல்லை. 29 வயதில், ஒரு கண்ணில் மட்டும், எட்டே மாதத்தில் 1.25 சிலிண்டர் என்றால் நான் முதலில் கருவிழியைச் சந்தேகிப்பேன். கருவிழி மெலிந்து கூம்பாகும் கெரட்டோகோனஸ் இந்த வயதுக்காரர்களிடம் வரக்கூடியதுதான். அப்புறம் அவர் கண்ணாடியைக் கழற்றினார். வலது மேல் இமையின் நடுவில் பட்டாணியைவிடச் சற்றுச் சிறிய ஒரு வீக்கம் இருந்தது. அளந்தால் 5 மி.மீ. தொட்டால் உருண்டையாகக் கெட்டியாக இருந்தது. வலி இல்லை.

“இது எத்தனை நாளாக இருக்கிறது?” என்று கேட்டேன்.

“இதா சார்? கண்கட்டிதான். போன மாசம் வந்துச்சு. அப்போ நல்லா வலிச்சு, சிவந்து, அப்புறம் வலி போயிடுச்சு. உருண்டை மட்டும் அப்படியே இருக்கு. இந்த வருஷத்துல இது மூணாவது.”

கெரட்டோமீட்டரில் கருவிழியின் வளைவை அளந்து பார்த்தோம். இடது கண்ணில் இரண்டு திசையிலும் வளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான். வலது கண்ணில் வித்தியாசம் தெரிந்தது, அதுவும் சீட்டில் இருந்த சிலிண்டர் அளவுக்கு ஒட்டியே. கருவிழியின் வளைவை வரைபடமாகக் காட்டும் டோப்போகிராஃபி படத்தில் கெரட்டோகோனஸின் அடையாளம் இல்லை. கருவிழியின் மேல்பாதி, அதாவது அந்த உருண்டை உட்காரும் இடம் மட்டும் சற்று மாறியிருந்தது. மேல் இமையின் நடுவில் இருக்கும் 5 மி.மீ. கட்டி ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியை அழுத்துகிறது. கருவிழி அந்த அழுத்தத்துக்கு வளைந்துகொடுக்கிறது. கட்டி கரைந்தால் வளைவும் திரும்பும். அந்தச் சீட்டின்படி கண்ணாடி செய்திருந்தால் இரண்டு மாதத்தில் அது உதவாத கண்ணாடியாகியிருக்கும். போட்டால் தலைவலி, தரை சாய்ந்தது போன்ற உணர்வு, அப்புறம் “பவர் மறுபடியும் மாறிடுச்சு” என்று இன்னொரு சீட்டு. இமையில் கட்டி இருக்கும்போது புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்கக் கூடாது என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்களே சில நேரம் மறந்துவிடுகிறோம். தானியங்கி இயந்திரம் எண்ணைத்தான் காட்டும், இமையைப் பார்க்காது.

கண்ணாடி விஷயம் அன்றைக்கு அதோடு முடிந்தது. ஆனால் ஒரே வருடத்தில் மூன்று கட்டிகள் என்பதை அப்படியே விட முடியவில்லை.

கண்கட்டிக்கு முன்னால் இருந்தது

இமையின் உள்ளே, இமை மயிர் வரிசைக்குப் பின்னால், நெடுக்காக அடுக்கிய எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையில் சுமார் 30, கீழ் இமையில் சற்றுக் குறைவு. 1666-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறோம். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவற்றிலிருந்து துளி எண்ணெய் வந்து கண்ணீரின் மேல் மெல்லிய படலமாகப் பரவும். அந்தப் படலம் இல்லையென்றால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும்.

இந்த எண்ணெய் தடித்துவிட்டால் சுரப்பியின் வாய் அடைத்துக்கொள்கிறது. தேங்கியதில் பாக்டீரியா, பெரும்பாலும் தோலில் எப்போதும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ், பெருகினால் வலியோடு சிவந்து வீங்கும். அதுதான் கண்கட்டி. இமை மயிரின் வேரை ஒட்டிய சின்னச் சுரப்பியில் வந்தால் மயிரடியில் மஞ்சள் முனையோடு வெளியே தெரியும். மைபோமியன் சுரப்பியில் வந்தால் இமையின் உட்பக்கம் நோக்கி வரும், வலி கூடுதலாக இருக்கும். தேங்கிய எண்ணெய் சுரப்பியை விட்டுக் கசிந்து சுற்றியுள்ள திசுவை உறுத்தினால், கிருமி இல்லாமலேயே வலியற்ற உருண்டையாகக் கெட்டிப்படும். அதற்குப் பெயர் கலேசியான். இவருக்கு வந்தது இந்த வரிசைதான்: முதலில் உள்கட்டி, அப்புறம் கலேசியான். ஆகவே வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை அவர் மூன்று நாள் விழுங்கியதில் பயனில்லை. கலேசியானில் கொல்வதற்குக் கிருமி இல்லை.

ஸ்லிட் லாம்ப் என்னும் நுண்ணோக்கியில் இமை ஓரத்தைப் பார்த்தபோது மூன்று கட்டிகளுக்கும் பொதுவான காரணம் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் இமை ஓரம் சிவந்து தடித்திருந்தது. மயிரடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு செதில்கள். கண்ணின் ஓரங்களில் நுரை. இமை ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினால் தெளிந்த எண்ணெய் வர வேண்டும். இவருக்குச் சில சுரப்பிகளிலிருந்து வெண்ணிறப் பசை வந்தது, சிலவற்றிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஃப்ளோரசின் சாயம் போட்டுக் கண்ணீர்ப் படலம் எவ்வளவு நேரம் உடையாமல் நிற்கிறது என்று எண்ணியதில் வலது 4 வினாடி, இடது 5 வினாடி. 10 வினாடியாவது நிற்க வேண்டும். இதன் பெயர் பிளெஃபரைட்டிஸ், அதாவது இமை ஓர அழற்சி. கட்டிகள் இதன் விளைவு.

இமை மயிரின் அடியில் குழாய் மாதிரி மயிரைச் சுற்றிய செதில்கள் இருந்தால் டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குச் சிகிச்சை வேறு. இவருக்கு அந்த வகைச் செதில் இல்லை. தலையில் பொடுகு இருந்தது. பொடுகும் பிசுக்குச் செதிலும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். பொடுகை விட்டுவிட்டு இமையை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் வேலை பாதிதான் நடக்கும்.

கூட வந்திருந்த அவருடைய அம்மா, “நாமக்கட்டியை இழைச்சுப் போட்டா அமுங்கிடும்னு நான் சொன்னேன் தம்பி, இவ கேக்கல” என்றார். மகள் கேட்காதது நல்லதுதான். நாமக்கட்டி ஒரு வெள்ளைக் களிமண். இமைத் தோலில் காய்ந்தால் குளிர்ச்சியாக இருக்கும், வீக்கம் இறுகியது போலத் தோன்றும். ஆனால் உள்ளே உறைந்திருக்கும் எண்ணெய்க்குக் குளிர்ச்சி வேண்டாம், சூடு வேண்டும். காய்ந்த தூள் கண்ணுக்குள் உதிர்ந்தால் கருவிழியை உராயும், லென்ஸ் போடுகிறவர்களுக்கு அது இன்னும் மோசம். உள்ளங்கையில் விரலைத் தேய்த்துக் கட்டியின் மேல் ஒற்றும் பழக்கத்தில் சூடு வேண்டும் என்ற எண்ணமாவது சரி. அந்தச் சூடு போதாது என்பதுதான் குறை, தேய்த்த விரல் கழுவிய விரலா என்பது வேறு கேள்வி.

ஒத்தடம் ஏன் பலிக்கவில்லை

“வெந்நீர் ஒத்தடம் தினமும் கொடுத்துட்டுதான் சார் இருந்தேன்” என்றார். எப்படி என்று செய்து காட்டச் சொன்னேன். குளியலறை வெந்நீரில் கைக்குட்டையை நனைத்து, பிழிந்து, ஒரு நிமிடம் கண்ணில் வைத்துவிட்டு எடுப்பாராம். ஒத்தடம் கொடுத்தும் சரியாகவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் செய்வது இதைத்தான்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு விஷயம் உடனே புரியும். உருகும் சூடு வந்தால்தான் உருகும், அதற்குக் கீழே எவ்வளவு நேரம் வைத்தாலும் கட்டியாகத்தான் இருக்கும். நல்ல நிலையில் உள்ள இமை எண்ணெய் 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே இளகிவிடும், அதனால்தான் உடல் சூட்டில் அது ஓடுகிறது. அடைத்துக்கொண்ட சுரப்பியின் எண்ணெய்க்கு அதைவிடச் சில டிகிரி அதிகம் வேண்டும். இமையின் உட்பக்கம் 40 டிகிரியை எட்டச் செய்வதுதான் ஒத்தடத்தின் நோக்கம். வெளியே வைக்கும் துணி 45 டிகிரியை ஒட்டி இருந்தால் சில நிமிடங்களில் உள்ளே 40 வரும். அதற்கு மேல் போனால் தோல் சுடும். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத் தோல்தான்.

சிக்கல் என்னவென்றால் பிழிந்த ஈரத்துணி இரண்டு நிமிடத்துக்குள் ஆறிவிடும். ஒரு நிமிடத்தில் எடுத்தால் இமை சூடாகத் தொடங்கும்போதே நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம். எடுக்காமல் பத்து நிமிடம் வைத்திருந்தால் கடைசி எட்டு நிமிடம் வைத்திருந்தது ஆறிய துணி. ஆகவே துணியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவருக்குச் சொன்ன முறை இது. நன்றாகக் கொதித்த தண்ணீர் ஒரு டம்ளர், சாதாரணக் குடிநீர் மூன்று டம்ளர் ஒரு பாத்திரத்தில் கலந்தால் கிட்டத்தட்ட 47 டிகிரி வரும். நம் ஊரில் பானைத் தண்ணீர் அல்லாத சாதாரணத் தண்ணீர் 30 டிகிரியை ஒட்டி இருக்கும் என்ற கணக்கில் சொல்கிறேன். ஊட்டியில் இருப்பவர் வெந்நீரைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். பாத்திரத்தை மூடி வைக்கவும். சுத்தமான மெல்லிய துண்டுகள் இரண்டை நாலாக மடித்து அதில் போடவும். ஒன்றைப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்கவும். இதமாக, ஆனால் சூடு தெளிவாகத் தெரிய வேண்டும். கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் கண்ணுக்கு ஆகாது. மூடிய இமையின் மேல் அழுத்தாமல் வைக்கவும். இரண்டு நிமிடத்தில் அதை எடுத்து அடுத்ததை வைக்கவும். இப்படிப் பத்து நிமிடம். பாத்திரத்துத் தண்ணீர் நடுவில் ஆறினால் கொதிநீர் கொஞ்சம் ஊற்றிக் கலக்கவும். முதல் ஆறு வாரம் காலையும் இரவும், அப்புறம் இரவில் மட்டும்.

மைக்ரோவேவில் சூடாக்கும் கண் முகமூடி கிடைத்தால் வேலை சுலபம், சூடு அதிக நேரம் நிற்கும். ஆனால் மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி சூடாக்காது. ஓர் ஓரத்தில் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும், எனவே முழுவதையும் தடவிப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். வேகவைத்த முட்டையைத் துணியில் சுற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். முட்டைக்குள் சூடு நெடுநேரம் நிற்பது உண்மைதான், எவ்வளவு சூடு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. நான் அதைச் சொல்வதில்லை.

ஒத்தடம் முடிந்த கையோடு, எண்ணெய் இளகியிருக்கும்போதே, சுத்தமான விரல் நுனியால் மேல் இமையை மேலிருந்து கீழாக மயிர் வரிசையை நோக்கி நீவ வேண்டும். கீழ் இமையைக் கீழிருந்து மேலாக. ஐந்தாறு முறை போதும். இமைத் தோல் நகரும் அளவு அழுத்தம் போதும், கண்விழியை அழுத்தக் கூடாது. சூடு பட்ட கருவிழியை அழுத்தித் தேய்த்தால் அதன் வளைவு மாறும். ஒத்தடத்துக்குப் பிறகு சில நிமிடம் பார்வை மங்கலாக இருப்பதற்கு இதுவும், புதிதாக வந்த எண்ணெயும் காரணம். அந்த நேரத்தில் வண்டி எடுக்க வேண்டாம். வலியும் சீழ்முனையும் உள்ள புதுக்கட்டியில் நீவவே கூடாது, ஒத்தடம் மட்டும். அதைப் பிதுக்குகிறவர்கள் கிருமியை இமைத் திசுவுக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

சுத்தம் செய்வதிலும் ஒரு வரிசை

மயிரடிச் செதிலுக்கு அவர் குழந்தைகள் ஷாம்புவை விரலில் அப்படியே எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நீர்த்த குழந்தை ஷாம்பு என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த ஆலோசனை. வேறு வழியில்லை என்றால் அரை டம்ளர் வெந்நீரில் சில துளிகள் கலந்து பயன்படுத்தலாம். ஆனால் சோப்புத்தன்மை உள்ள எதுவும் கண்ணீர்ப் படலத்தைக் கலைக்கும், ஏற்கெனவே 4 வினாடிதான் நிற்கிற படலம் இது. இமைக்கென்றே விற்கும் நுரை அல்லது துடைப்புத்தாள் மருந்துக்கடையில் கிடைக்கிறது, கட்டுப்படியானால் அது மேல். ஒத்தடமும் நீவலும் முடிந்தபின், பஞ்சுக்குச்சியை அதில் நனைத்து, கண்ணை மூடி, மயிரடியோடு பக்கவாட்டில் துடைக்க வேண்டும். ஒவ்வோர் இமைக்கும் வேறு குச்சி. இமையின் உள் ஈரப்பகுதியைத் துடைக்க வேண்டியதில்லை.

லென்ஸ் போடுகிறவர்களுக்கு எது முன், எது பின் என்பது முக்கியம். இவர் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுவார், கண்மையைத் துடைப்பார், கடைசியில் லென்ஸைக் கழற்றுவார். அதாவது மையும் அழுக்கும் சோப்பும் குழாய்த் தண்ணீரும் எல்லாம் லென்ஸின் மேல் போய் முடிந்தபிறகு அந்த லென்ஸ் டப்பாவுக்குள் போகிறது. தலைகீழாக மாற்றினோம். வந்ததும் சோப்பால் கை கழுவி, துண்டில் நன்றாக உலர்த்தி, முதலில் லென்ஸ். உள்ளங்கையில் சொல்யூஷன் விட்டு ஒவ்வொரு பக்கமும் விரலால் தேய்த்து அலசி டப்பாவில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மை துடைப்பதும் ஒத்தடமும் இமைச் சுத்தமும். லென்ஸ் கண்ணில் இருக்கும்போது ஒத்தடம் கூடவே கூடாது. காலையில் ஒத்தடம் கொடுத்தால், வெளிவந்த எண்ணெய் அடங்க அரைமணி நேரம் விட்டு லென்ஸ் போடலாம். உடனே போட்டால் லென்ஸ் பிசுக்காகிவிடும். மதியம் மூன்று மணிக்கெல்லாம் அவருக்கு லென்ஸ் மங்கலாகிவிடும் என்று சொன்னதற்குக் காரணமும் பிசுக்குதான், அது காலையிலேயே இமையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

டப்பாவைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஓரங்களில் வழவழவென்று ஒரு படலம். எப்போது வாங்கியது என்று நினைவில்லை. தினமும் குழாய்த் தண்ணீரில் கழுவி, பழைய சொல்யூஷன் மிச்சமிருந்தால் அதன் மேலேயே புதிதை ஊற்றுவாராம். இரண்டுமே ஆபத்து. குழாய்த் தண்ணீரில், வடிகட்டிய தண்ணீரிலும்தான், அகந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸ் வழியாக அது கருவிழிக்குள் போனால் மாதக்கணக்கில் சிகிச்சை, சிலருக்குப் பார்வை இழப்பு. பழையதன் மேல் புதிதை ஊற்றினால் கிருமிநாசினியின் வீரியம் போய்விடும். டப்பாவைத் தினமும் சொல்யூஷனால் அலசி, துடைத்து, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவையே மாற்ற வேண்டும். கட்டி இருந்த நாட்களில் போட்ட லென்ஸையும் டப்பாவையும் தூக்கிப் போடச் சொன்னேன். பாதி மாதம் மிச்சமிருக்கிறதே என்று வருத்தப்பட்டார். அந்த ஜோடியைத்தான் இரண்டாவது கட்டி ஆறியதும் மறுபடி எடுத்துப் போட்டிருந்தார்.

கண்மை விஷயத்தில் நான் கண்டிப்பானவன் இல்லை. இமை மயிருக்கு வெளியே தோலில் தீட்டிக்கொண்டால் பிரச்சினை குறைவு. மயிருக்கு உட்புறம், ஈர ஓரத்தில் தீட்டினால் அங்கேதான் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. மெழுகும் கரியும் நேராக அந்த வாய்களின் மேல் போகிறது. சிகிச்சை முடியும்வரை மை வேண்டாம், அப்புறம் வெளியே மட்டும், புதுக் காஜலோடு என்று முடிவானது.

லென்ஸை நிறுத்தியதும் முழு நேரமும் கண்ணாடிதான். கண்ணாடியே கண்கட்டியை உண்டாக்கிவிடாது. ஆனால் அவருடைய ஃபிரேம் தளர்ந்து மூக்கில் சறுக்கிக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டிருந்த நேரத்திலேயே விரலால் தூக்கி விட்டுக்கொண்டே இருந்தார், தூக்கும் சாக்கில் இமை ஓரத்தையும் ஒரு சொறி. கவுன்ட்டரில் நாள் முழுக்க நோட்டு எண்ணும் கை அது. கம்பிகளை வளைத்துச் சரிசெய்தோம், மஞ்சளாகிப் பிசுபிசுத்த மூக்குப் பட்டைகளை மாற்றினோம். தினமும் இரவில் சாதாரணத் தண்ணீரிலும் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு துளியிலும் கண்ணாடியைக் கழுவலாம், மூக்குப் பட்டையும் புருவத்தை ஒட்டும் மேல்விளிம்பும் சேர்த்து. ஒத்தடத்துக்கு வைத்த வெந்நீரில் மட்டும் அதைப் போட வேண்டாம், சூட்டில் கண்ணாடியின் மேல்பூச்சு வெடித்துவிடும்.

மருத்துவர் சேர்த்தது

கண் மருத்துவரிடம் அன்றே அனுப்பினேன். கட்டி திரும்பத் திரும்ப வருவதால் ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொன்னார், இயல்பாக இருந்தது. நம் நாட்டில் அடிக்கடி கண்கட்டி வருகிறவர்களிடம் சர்க்கரையும், சரிசெய்யாத பார்வைக் குறைபாடும் உண்டா என்று பார்ப்பது வழக்கம். பார்வை சரியாகத் தெரியாதவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பார். இமை ஓரத்தில் இரவில் தடவ ஆன்டிபயாடிக் களிம்பு பத்து நாளுக்கு. அது போட்டிருக்கும்வரை லென்ஸ் நினைப்பே வேண்டாம். பொடுகுக்குத் தனி ஷாம்பு. ஆறு வாரத்தில் உருண்டை கரையவில்லை என்றால் ஸ்டெராய்டு ஊசி, அல்லது இமையின் உட்பக்கமாகச் சின்னக் கீறல் போட்டு வழித்தெடுப்பது. இமை அழற்சி அடங்கவில்லை என்றால் டாக்சிசைக்ளின் மாத்திரை யோசிக்கலாம் என்றார். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஆகாது.

முன்பு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டுமருந்து ஒன்றும் பையில் இருந்தது. அதில் ஸ்டெராய்டு கலந்திருந்தது. போட்டதும் சிவப்பு குறையும், அதனால் நல்ல மருந்து என்று தோன்றும். மேற்பார்வை இல்லாமல் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறும், கண்புரை வரும், லென்ஸால் கருவிழியில் புண் தொடங்கியிருந்தால் அதை மறைத்து வளர்த்துவிடும். அதை நிறுத்தச் சொன்னோம்.

எந்த நிலையில் ஒத்தடத்தை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். வீக்கம் கட்டியைத் தாண்டி முழு இமைக்கும் கன்னத்துக்கும் பரவுவது, காய்ச்சல், கண்ணை அசைத்தால் வலி, இரட்டையாகத் தெரிவது, கண் முன்னே தள்ளியது போலிருப்பது ஆகியவை கண்குழிக்குள் தொற்று போவதன் அடையாளங்கள். லென்ஸ் போடுகிறவருக்கு வெளிச்சம் கூசி, கண்விழியே சிவந்து வலித்தால் அது இமைப் பிரச்சினை இல்லை, கருவிழிப் புண்ணாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும். இவர் வயதுக்கு இது பொருந்தாது என்றாலும் அம்மாவுக்காக ஒன்று சொன்னேன். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு ஒரே இடத்தில் கலேசியான் திரும்பத் திரும்ப வந்தாலோ, அந்த இடத்தில் இமை மயிர் உதிர்ந்தாலோ, வழித்தெடுத்ததைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் கலேசியான் வேஷத்தில்தான் வரும். மேல்நாட்டைவிட நம் பக்கம் இமைப் புற்றுநோய்களில் அதன் பங்கு அதிகம்.

அதற்குப் பிறகு

இரண்டு வாரத்தில் வந்தபோது உருண்டை பெரிதாக மாறவில்லை, அவருக்குக் கொஞ்சம் சலிப்பு. ஆனால் ஸ்லிட் லாம்பில் மயிரடிச் செதில் போயிருந்தது, நுரை குறைந்திருந்தது, அழுத்தினால் பசைக்குப் பதில் கலங்கிய எண்ணெய் வந்தது. முதலில் மாறுவது இமை ஓரம்தான். கெட்டிப்பட்ட உருண்டை அதற்குப் பின்னால், மெதுவாகத்தான் கரையும். இந்தக் கட்டத்தில்தான் பலர் ஒத்தடத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஆறாவது வாரம் உருண்டை 2 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருந்தது, விரலால் தடவினால்தான் தெரியும். கீறல் தேவையில்லை என்றார் மருத்துவர். கண்ணீர்ப் படலம் வலது 8 வினாடி, இடது 9. மறுபடி பவர் பார்த்தோம். வலது மைனஸ் 3.00, சிலிண்டர் மைனஸ் 0.25. அந்த 0.25-ஐக் கண்ணாடியில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பழைய கண்ணாடியே போதும்.

லென்ஸுக்கு மாதாந்திர வகையை விட்டு, தினமும் தூக்கிப் போடும் வகைக்கு மாற்றினோம். டப்பாவும் இல்லை, நேற்றைய பிசுக்கும் இல்லை. செலவு அதிகம் என்பதால் வாரத்தில் மூன்று நாள் லென்ஸ், மீதி நாள் கண்ணாடி என்று அவரே வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது மாதம் ஒருமுறை வந்தார். கட்டி இல்லை. ஆனால் இமை ஓரத்தில் நுரை லேசாகத் திரும்பியிருந்தது. கேட்டதில், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்தில் வீட்டுக்கு வர இரவு பத்தாகிவிட்டது, ஒத்தடம் நின்றுபோனது என்றார். அம்மா குறுக்கிட்டு, “துணி மாத்தி மாத்தி வைக்கிறதுதான் தம்பி இவளுக்குக் கஷ்டம், முகமூடி வாங்கிக் கொடுங்க” என்றார். அது சரியான யோசனை. பத்து நிமிடம் படுத்துக்கொண்டே முடிக்கலாம். முகமூடியும் வாரத்தில் நான்கைந்து இரவும் என்று திட்டத்தைக் குறைத்து எழுதிக் கொடுத்தேன், அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து.